வேகம் முதலில், வளைவு பிறகு

கோல்ஃப் குழியின் அகலம் 4.25 அங்குலம். அதைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரைதான் கிரீன். அங்கே பந்தைத் தட்டி உருட்டுவதுதான் பட்டிங். கிளப் ஆட்டக்காரர்கள் பலரும் பந்துக்குப் பின்னால் குனிந்து, அது எந்தப் பக்கம் எவ்வளவு வளையும் என்று நெடுநேரம் பார்க்கிறார்கள். எவ்வளவு வேகத்தில் தட்டுவது என்பதை மட்டும் கடைசி நொடிக்கு விட்டுவிடுகிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். வேகத்தை முடிவு செய்யாதவரை வளைவு இவ்வளவு என்று சொல்லவே முடியாது.

ஓர் உதாரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழி 15 அடி தூரத்தில் இருக்கிறது. தரை வலமிருந்து இடமாக 2 சதவீதம் சரிகிறது. அதாவது ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம். கிரீனின் வேகம் 8. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் 1935-ல் வடிவமைத்த ஸ்டிம்ப்மீட்டர் என்ற பள்ளமிட்ட சட்டத்திலிருந்து இறங்கும் பந்து, சமதரையில் 8 அடி உருண்டு நிற்கும் என்பதே இதன் பொருள். பல கிளப்களில் சாதாரணமாகக் காணும் வேகம் இது.

குழியைத் தவறவிட்டாலும் ஓரடி தாண்டி நிற்கும் வேகத்தில் தட்டினால், இந்தப் பந்து ஏறக்குறைய 15 அங்குலம் வளையும். நான்கடி தாண்டும் வேகத்தில் தட்டினால் சுமார் 11 அங்குலம்தான் வளையும். ஒரே சரிவில், வேகம் மாறியதாலேயே ஏறக்குறைய ஒரு குழியின் அகலம் வித்தியாசம் வந்துவிடுகிறது. வேகமாகத் தட்டினால் வளைவு குறையும்தான். ஆனால் அப்படி வரும் பந்து குழியின் நடுவில் பட்டால்தான் விழும். ஓரத்தில் பட்டால் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடும். ஓரடி தாண்டும் வேகமே நல்லது.

அந்த 15 அங்குலமும் வழி நெடுகச் சீராக வருவதில்லை. முதல் பாதியில் பந்து மூன்று அங்குலம்கூட விலகாது. வேகம் குறையக் குறையத்தான் சரிவு பந்தை இழுக்கிறது. ஆகவே குழியைச் சுற்றியுள்ள கடைசி ஐந்தாறு அடியைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். சரிவின் தாழ்ந்த பக்கம் நின்று பாருங்கள். இறக்கம் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். பிறகு, பந்து செல்லும் பாதையின் இருபுறமும் கால் வைத்து நில்லுங்கள். எந்தக் காலில் எடை கூடுகிறதோ அந்தப் பக்கம்தான் பள்ளம்.

அடுத்தது கிரெய்ன், அதாவது புல் படுத்திருக்கும் திசை. வெப்பமான ஊர்களின் கிரீன்களில் வளரும் பெர்முடா புல்லில் இதன் பாதிப்பு அதிகம். பந்திலிருந்து பார்க்கும்போது புல் வெளிறிப் பளபளத்தால், அது குழியை நோக்கிப் படுத்திருக்கிறது. பந்து கூடுதலாக ஓடும். கரும்பச்சையாக மங்கித் தெரிந்தால் அது உங்களை நோக்கிப் படுத்திருக்கிறது. பந்து சீக்கிரம் நிற்கும். குழியின் விளிம்பையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பிய்ந்தாற்போல் இருந்தால், புல் அந்தப் பக்கமாக வளர்கிறது. நம் உதாரணத்தில் புல்லும் இடப்பக்கம் படுத்திருந்தால் 15 அங்குலம் போதாது. இன்னும் சற்று வலப்புறம் குறிவைக்க வேண்டும். வலப்பக்கம் படுத்திருந்தால் வளைவு குறையும். கிரெய்னை அறிய ஆட்டத்தின் நடுவில் கிரீனைக் கையால் தேய்த்துப் பார்க்கக் கூடாது. விதிப்படி அதற்குத் தண்டனை உண்டு.

ஏற்ற இறக்கத்தில் வேகத்தைக் கணிக்க எளிய வழி, மனத்தில் குழியை இடம் மாற்றிக்கொள்வது. இதே கிரீனில் 2 சதவீத ஏற்றத்தில் 15 அடி தட்டுவது, சமதரையில் 18 அடி தட்டுவதற்குச் சமம். இறக்கத்தில் அதே 15 அடி, 12 அடிக்குத்தான் சமம். ஆகவே ஏற்றத்தில் குழிக்கு மூன்றடி பின்னால் இன்னொரு குழி இருப்பதாக நினைத்துத் தட்டுங்கள். இறக்கத்தில் மூன்றடி முன்னால். கிரீன் வேகமாக இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். அதனால் ஆட்டத்துக்கு முன் பயிற்சி கிரீனில் குழியை மறந்துவிட்டு, 15 அடிக்கும் 30 அடிக்கும் சில பந்துகளை உருட்டி, அன்றைய வேகத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

பந்து குழியின் தாழ்ந்த பக்கம் தவறினால், அது எங்கே நின்றது என்று பாருங்கள். ஓரடி தாண்டி நின்றிருந்தால், வேகம் சரி. குறியோ சரிவைக் கணித்ததோ தவறு. குழிக்கு முன்னாலேயே நின்றிருந்தால், தவறு வேகத்தில்தான். அப்போது குறியை மாற்றாதீர்கள். வேகத்தை மட்டும் திருத்துங்கள்.