தமிழ்வழி என்று எப்போது சொல்வது?

‘பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன்’ என்ற தகவலை நேர்முகத் தேர்வில் இரண்டு இடங்களில் சொல்லலாம். அறிமுகத்திலேயே சொன்னால் அது தகவல். பதில் பாதியில் நின்றுபோன பிறகு சொன்னால் அது சாக்கு. தமிழ்வழியில் படித்த பலர் முதல் இடத்தில் மறைத்துவிட்டு, இரண்டாம் இடத்தில் சொல்லிச் சிக்கிக்கொள்கிறார்கள்.

தமிழக அரசுப் பணிகளில் இதே தகவல் ஒரு தகுதி. தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு தர 2010-ல் சட்டமே வந்தது. தனியார் நிறுவனத்தில் அப்படி ஏதும் இல்லை. அங்கே அதை விளக்கத்தான் வேண்டும்.

முதலில் நமக்கே ஒன்று தெளிவாக வேண்டும். தமிழ்வழி மாணவர் ஆங்கிலமே படிக்காதவர் அல்லர். ஒன்றாம் வகுப்பிலிருந்து அதை ஒரு பாடமாகப் படித்தவர். ஆனால் கணக்கும் அறிவியலும் வணிகவியலும் தமிழில் நடந்தன. தனக்குத் தெரிந்த ஒன்றை ஆங்கிலத்தில் வாய்விட்டு விளக்கும் வாய்ப்பு வந்ததில்லை. குறை இருப்பது அந்த இடத்தில்தான். பயிற்சியும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் படித்து, பி.காம். முடித்த பெண் என்று வைத்துக்கொள்வோம். சென்னை நிறுவனம் ஒன்றில், சப்ளையர்களின் பில்களைச் சரிபார்க்கும் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் அவர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது மூன்றே செய்திகள். பள்ளி முழுவதும் தமிழ்வழி. கல்லூரியில்தான் கணக்குப்பதிவியலை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கினேன். அன்று தாளைப் பார்த்துத்தான் பேச முடிந்தது. இன்று ஒரு பில் ஏன் நிறுத்திவைக்கப்பட்டது என்று போனில் விளக்க முடியும்.

வருத்தமோ மன்னிப்போ இதில் தேவையில்லை. மூன்றாவது செய்திதான் முக்கியம். ‘இங்கிலீஷ் இம்ப்ரூவ் பண்ணிக்கிட்டிருக்கேன்’ என்பதை யாரும் சோதிக்க முடியாது. ‘பில் பற்றி விளக்குவேன்’ என்பதை அங்கேயே சோதிக்கலாம். ‘சரி, விளக்குங்கள்’ என்பார் எதிரில் இருப்பவர். பர்ச்சேஸ் ஆர்டரில் 100 பெட்டி, சரக்கு வந்த ரசீதில் 90, பில்லில் 100. மூன்றும் ஒத்துவராததால் பணம் தராமல் நிறுத்துகிறோம், சப்ளையரிடம் திருத்தம் கேட்கிறோம். இதை நான்கைந்து சின்ன வாக்கியங்களில் சொன்னால் போதும். பெரிய சொல் நினைவுக்கு வராவிட்டால் ‘த நம்பர்ஸ் டோன்ட் மேட்ச்’ என்று சொல்லலாம். வேலை தெரிந்தவருக்கு அது புரிந்துவிடும்.

மனப்பாடம் செய்த அறிமுகம் கவிழ்வதும் இங்கேதான். முதல் ஒரு நிமிடம் மடமடவென்று வரும். ‘ஏன் நிறுத்தினீர்கள்?’ என்ற குறுக்குக் கேள்வி வந்ததும் வேகம் அறுந்துவிடும். தேர்வு செய்பவர் கவனிப்பது இந்த வேறுபாட்டை. கேள்வி புரியாவிட்டால் ஊகித்துப் பேசுவதைவிட, இன்னொரு முறை கேட்கச் சொல்லி, புரிந்ததைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்வது நல்லது. அலுவலகத்தில் தினமும் தேவைப்படும் திறமை அது.

முன்னேற்றம் உண்மையா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மாதம் ஒருமுறை ஒரே தலைப்பை எடுத்து, எழுதிவைக்காமல் இரண்டு நிமிடம் பேசிப் போனில் பதிவு செய்யுங்கள். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். உச்சரிப்பை விடுங்கள், தொடங்கி முடிக்காமல் விட்ட வாக்கியங்களை மட்டும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறைந்தால் பேச்சு தேறுகிறது. குறையாவிட்டால் நீங்கள் சேர்த்தது வெறும் சொற்களை. இந்தப் பதிவை யாருக்கும் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. ‘முன்பு பாதியில் நிறுத்துவேன், இப்போது முடிக்கிறேன்’ என்று நம்பிக்கையோடு சொல்ல அது ஆதாரம். காட்டுவதற்கு வேறு உண்டு: பயிற்சிப் பணியில் நீங்களே எழுதிய மின்னஞ்சல், தேதியோடு உள்ள மொழித்தேர்வு மதிப்பெண். மின்னஞ்சலில் நிறுவனத்தின் கணக்கு விவரங்கள் இருந்தால் அவற்றை நீக்கிவிட்டே காட்ட வேண்டும்.

இந்த விளக்கம் எல்லா இடத்திலும் எடுபடாது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு நாள் முழுதும் போனில் பேசும் வாய்ஸ் புராசஸ் வேலைக்கு, இன்றைய பேச்சுத் திறனைத்தான் பார்ப்பார்கள். நாளை தேறுவீர்கள் என்பது கணக்கில் வராது. சில நிறுவனங்களில் முதல் சுற்றே கணினி மதிப்பிடும் பேச்சுத் தேர்வு. அதனிடம் பின்னணியை எடுத்துச்சொல்ல வழியில்லை. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்: இந்த வேலையில் எழுதுவது எவ்வளவு, பேசுவது எவ்வளவு, யாரோடு? எழுத்தே பெரும்பகுதியாக உள்ள வேலையில் தொடங்கினால், பேச்சு வளர்வதற்கு அவகாசம் கிடைக்கும்.