எட்டாம் நம்பர் எவ்வளவு நீளம்?

அடிடாஸ் ஷூவில் இங்கிலாந்து சைஸ் 8 என்றால் ஐரோப்பிய சைஸ் 42, ஜப்பானிய அளவு 26.5 செ.மீ. நைக்கியில் அதே 8-க்கு 42.5, 27 செ.மீ. இந்தியக் கடைகளில் நாம் கேட்பதும் இங்கிலாந்து நம்பரைத்தான். ஒரு கம்பெனியில் 8 போடுகிறவர் இன்னொன்றிலும் 8 என்றே ஆர்டர் செய்தால் அரை சென்டிமீட்டர் இடிக்கும், அல்லது தொளதொளக்கும்.

காரணம், இந்த நம்பர்கள் காலின் நீளத்தைச் சொல்வதில்லை. ஷூவை எந்த அச்சின் மேல் வைத்துத் தைத்தார்களோ அதன் நீளத்தைச் சொல்கின்றன. இங்கிலாந்துக் கணக்கு பழைய பார்லி மணியில் தொடங்கியது. ஒரு நம்பர் கூடினால் அச்சு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மி.மீ. நீளும். ஐரோப்பாவில் ஒரு நம்பருக்கு 6.7 மி.மீ.தான். கணக்குப் போட்டால் 7-க்கு 40.6, 8-க்கு 41.9, 9-க்கு 43.2 வரும். அந்த 40.6-ஐ ஒருவர் 40.5 ஆக்குவார், இன்னொருவர் 41 ஆக்குவார். அதனால் பொதுவான மாற்று அட்டவணையை நம்பக்கூடாது; வாங்கப்போகும் கம்பெனியின் அட்டவணையே கணக்கு.

அதற்கு முதலில் நம் காலின் அளவு தெரிய வேண்டும். மாலையில் அளப்பது நல்லது, பகலெல்லாம் நடந்து கால் சற்று உப்பியிருக்கும். சுவரோரம் காகிதத்தை விரித்து, குதிகால் சுவரில் படும்படி நின்று, மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போடுங்கள். உட்கார்ந்து அளந்தால் குறைவாகக் காட்டும். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

26 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் 26 எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன், அது பாத நீளமா, ஷூவின் உள்நீளமா என்று பாருங்கள். பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. பாத நீளம் என்றால் 26-ஐயே எடுக்கலாம். உள்நீளம் என்றால் விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். 27 முதல் 27.5 வரை தேடுங்கள். கூர்மூக்கு ஷூவுக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும்.

அகலம் தனிச் சிக்கல். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கால்களை அளந்தபோது, நம் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்று தெரிந்தது. பக்கவாட்டில் இறுக்குகிறதே என்று ஒரு நம்பர் கூட்டி வாங்குவது நம் வழக்கம். அப்போது ஷூ மடங்கும் இடம் விரல்மூட்டைத் தாண்டி முன்னே போய்விடும், குதிகாலும் கழன்று கழன்று வரும். அதே நம்பரில் அகல வகை இருக்கிறதா என்று பார்ப்பதே சரி. தோல் ஷூ போகப்போக அகலத்தில் சற்று இளகும்; நீளத்தில் இளகாது.

பெட்டி வந்ததும் சாக்ஸ் போட்டு, சுத்தமான விரிப்பின் மேல் நடந்து பாருங்கள். மடிப்பு விரல்மூட்டின் மேலேயே விழவில்லை என்றால், அடிப்பாகம் அழுக்காகும் முன் திருப்பி அனுப்பிவிடுங்கள்.