வழிமறிக்கும் பல்

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வாயைத் திறந்து காட்டுகிறான். மேல்வரிசையின் நடுவில் இடது முன்பல் அகலமாக, ஓரத்தில் ரம்பப்பல் போன்ற சின்னஞ்சிறு மேடுகளுடன் நிற்கிறது. அது முளைத்து ஒன்றரை வருடமாகிறது. வலது பக்கத்திலோ பழைய பால்பல் இன்னும் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அடுத்துள்ள பல்கூட மாறிவிட்டது. இது மட்டும் மாறவில்லை. "இவன் அப்பனுக்கும் லேட்டாத்தான் முளைச்சுது" என்கிறார் கூடவே வந்த பாட்டி.

குழந்தைகள் பல் மருத்துவர்களுக்கு இது பழகிய காட்சி. பையன் யாரோ ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். வாய்க்குள் தெரியும் அறிகுறிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் ஏழிலிருந்து எட்டு வயதுக்குள் முளைக்கும். வயதில் சிறிது முன்பின் ஆவதில் கவலை இல்லை. கவனிக்க வேண்டியது ஜோடியை. ஒரு பல் முளைத்து ஆறு மாதம் கடந்தும் அதன் ஜோடி வரவில்லை என்றாலோ, நடுப்பல் வருவதற்கு முன்பே அதன் பக்கத்துப் பல் முளைத்துவிட்டாலோ, காரணத்தைத் தேட வேண்டும். சின்ன வயதில் கீழே விழுந்து பால்பல்லில் பலமாக அடிபட்டதா என்று மருத்துவர் முதலில் விசாரிப்பார். அந்த அடி மேலே வளர்ந்துகொண்டிருந்த நிலைப்பல்லின் வேரை வளைத்திருக்கக்கூடும். அப்படி எதுவும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம், உள்ளே கணக்கில் இல்லாத இன்னொரு பல் இருக்கிறதா என்பதுதான்.

பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32. இந்தக் கணக்குக்கு மேல் உருவாகும் பல்லே கூடுதல் பல். நம் ஊரில் தெத்துப்பல் என்று சொல்வது பெரும்பாலும் இதுவல்ல. அது இடம் போதாமல் வரிசைக்கு வெளியே வந்த வழக்கமான பல். கூடுதல் பல் நூறு பேரில் ஒருவர் முதல் மூவருக்கு இருக்கலாம், பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். அதிலும் மிகுதியாகக் காணப்படுவது மேல்தாடையின் இரண்டு முன்பற்களுக்கும் நடுவில், நட்டநடுக்கோட்டில் உருவாகும் பல். அதற்கு மீசியோடென்ஸ் என்று பெயர். கருவில் பற்களுக்கு விதையாக அமையும் திசுப்பட்டை சில இடங்களில் அளவுக்கு மீறி வளர்வதே காரணம் என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. குடும்ப வழியாகவும் வரும் என்பதால் பாட்டி சொன்னதை மருத்துவர் ஒதுக்கிவிடுவதில்லை.

பல் முளைப்பது என்பது எலும்பைத் துளைத்துக்கொண்டு மேலே வருவதல்ல. வளரும் பல்லைச் சுற்றி மெல்லிய பை ஒன்று இருக்கிறது. அது அனுப்பும் கட்டளைப்படி, பல்லின் முன்னால் உள்ள எலும்பும் பால்பல்லின் வேரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பாதை திறக்கிறது. இதற்கிடையே வேரும் நீண்டுகொண்டே வர, பல் அந்தப் பாதையில் நகர்ந்து ஈறை எட்டுகிறது. எலும்பு கரைவதுபோல இன்னொரு பல் கரைந்து வழிவிடாது. எனால் எலும்பைவிடக் கடினமானது. பாதையின் குறுக்கே அது நின்றுவிட்டால் வருகிற பல் அங்கேயே தங்கிவிடும், அல்லது திரும்பிக்கொள்ளும், அல்லது வேறு பக்கம் விலகிப்போகும்.

எல்லாக் கூடுதல் பற்களும் ஒரே மாதிரி மறிப்பதில்லை. கூம்பு வடிவப் பல்லுக்கு வேர் அக்கம்பக்கத்துப் பற்களின் வேகத்திலேயே வளர்வதால் அது பல சமயம் தானே வெளியே வந்துவிடும். முன்பற்களுக்கு நடுவே ஆணி போல முளைத்து இடைவெளி உண்டாக்குவது இந்த வகை. சில கூம்புகள் தலைகீழாகத் திரும்பி, நுனி மூக்கைப் பார்த்தபடி எலும்புக்குள் கிடக்கும். பீப்பாய் போல உப்பி, உச்சியில் பல முகடுகளோடு இருக்கும் வகைதான் பெரும் தொல்லை. அதன் வேர் தாமதமாக வளரும், சிலவற்றில் வளரவே வளராது. அதனால் அது தானும் முளைக்காது; முன்பல்லுக்குப் பின்புறம், அண்ணத்துப் பக்கமாகக் குந்திக்கொண்டு அதையும் இறங்கவிடாது. பலருக்கு இது இரண்டாகவே இருக்கும்.

பையனுக்கு முதலில் எடுப்பது முழுத்தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எல்லாப் பற்களையும் எண்ணிப் பார்க்க அது நல்லது. ஆனால் அந்த இயந்திரம் வளைவான ஒரு தளத்தில் உள்ளவற்றை மட்டுமே தெளிவாகப் பதியும். முன்பற்கள் பக்கம் அந்தத் தளம் மிகக் குறுகலானது. போதாததற்குக் கழுத்தெலும்பின் நிழலும் நடுவில் வந்து விழும். அண்ணத்துப் பக்கம் கிடக்கும் மீசியோடென்ஸ் மங்கிப்போவதும், சில நேரம் தெரியாமலே போவதும் இதனால்தான். ஓ.பி.ஜி.யில் ஒன்றும் இல்லை என்று திருப்தி அடைந்து அனுப்பிவிடுவது தவறு. முன்பல்லுக்கென்று வாய்க்குள் பிலிம் வைத்துத் தனிப்படம் எடுத்தாக வேண்டும்.

அந்தச் சிறிய படத்தில் விஷயம் வெளிப்படுகிறது. வலது முன்பல் உயரத்தில் நிற்கிறது. அதன் தலைப்பகுதியின் மேல் பளிச்சென்ற வெள்ளை உருவம் ஒன்று படிந்திருக்கிறது. பீப்பாய் விளிம்பு, மேலே மூன்று முகடுகள், வேரின் தடமே இல்லை. "பல் இல்லாம இல்லம்மா, ஒண்ணு கூடுதலா இருக்கு" என்று தாயிடம் காட்டுகிறார் மருத்துவர்.

ஆனால் அது முன்பல்லுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? ஒரு படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது, எக்ஸ்ரே நிழல்தானே. எக்ஸ்ரே குழாயைச் சற்று நகர்த்தி இரண்டாவது படம் எடுக்கிறார்கள். ராத்திரிப் பேருந்தில் போகும்போது சாலையோரப் பனைமரம் பின்னால் ஓடும், தொலைவிலுள்ள நிலா நம் கூடவே வரும். அதே கணக்குதான் இங்கும். குழாய் போன திசையிலேயே நிழலும் நகர்ந்தால் அந்தப் பல் தூரத்தில், அதாவது அண்ணத்துப் பக்கம் இருக்கிறது. எதிர்த்திசையில் போனால் உதட்டுப் பக்கம். பையனுடைய படத்தில் குழாய் வலப்புறம் போனதும் பீப்பாய் நிழலும் வலப்புறம் நகர்ந்தது. அப்படியானால் அண்ணம்தான். பல் தலைகீழாக இருந்தாலோ, பக்கத்து வேரை ஒட்டிக் கிடந்தாலோ முப்பரிமாணம் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் தேவைப்படும். அதில் கதிர்வீச்சு கூடுதல் என்பதால் குழந்தைக்கு எடுத்த எடுப்பில் அதை எழுதுவதில்லை.

இடம் தெரிந்த பிறகுதான் கத்தி. அண்ணத்துப் பக்கம் என்றால் பற்களின் உட்புறமாக ஈறைப் பிரித்து, எலும்பைக் கொஞ்சமே செதுக்கி, கூடுதல் பல்லையும் விடாப்பிடியாக நின்ற பால்பல்லையும் எடுத்துவிட்டுத் தையல் போடுவார்கள். பக்கம் தவறினால் தேவையில்லாத இடத்தில் எலும்பை வெட்ட நேரும். ஆறு வயதிலேயே அவசரப்பட்டு எடுத்தால் பிஞ்சாக இருக்கும் முன்பல் வேரில் அடிபடலாம். பத்துப் பன்னிரண்டு வயது வரை தள்ளிப்போட்டால் வேர் முழுதாக வளர்ந்து முடிந்து, தானாக இறங்கும் உந்துதல் குறைந்துபோகும், பக்கத்துப் பற்களும் சாய்ந்து இடத்தை அடைத்துவிடும். எதற்கும் இடைஞ்சல் செய்யாமல் உயரத்தில் கிடக்கும் கூம்புப் பல்லை எடுக்காமலே விட்டு, அவ்வப்போது படம் எடுத்துப் பார்த்துவருவதும் உண்டு. பல்லைச் சுற்றியுள்ள மெல்லிய கருப்பு வளையம் அந்தப் படங்களில் அகலமாகிக்கொண்டே வந்தால் நீர்க்கட்டி என்று சந்தேகிக்க வேண்டும்.

தடை நீங்கியதும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முன்பல் தானாகவே இறங்குகிறது, வருவதற்கு இடம் இருந்தால். அது வாரக்கணக்கில் நடப்பதல்ல. ஒன்றரை வருடம்கூட ஆகலாம். பையனுக்கு இடம் சற்றுக் குறுகியிருந்ததால் முதலில் கிளிப் போட்டு அதை அகலப்படுத்தினார்கள். ஒரு வருடம் பார்த்தும் பல் அசையாவிட்டால், ஈறைத் திறந்து அதன்மேல் ஒரு சின்னச் சங்கிலியை ஒட்டிக் கீழே இழுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சங்கிலி தேவைப்படவில்லை. பதினோராம் மாதம் ஈறில் வெளிறிய மேடு ஒன்று தட்டுப்பட்டது. விரலை வைத்துப் பார்த்த பாட்டிக்கு, உள்ளே கூர்மையாக ஏதோ நெருடியது.