பட்டியலில் இல்லாத கல்பாசி யாருக்கு?

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் சோளக்காட்டில் இறங்கினால் முடவாட்டுக்கால் கிழங்கும் தேனும் விற்பதைப் பார்க்கலாம். திண்ணனூர் நாடு உட்பட இம்மலையின் நாடுகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், வழிவழியாகச் சேகரித்து வந்த சிறுவனப் பொருட்களுக்கு உரிமை கோர 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழி செய்கிறது. எது சிறுவனப் பொருள் என்பதை அந்தச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு சொல்கிறது.

அந்த வரையறை இப்படிப் போகிறது: மரம் அல்லாத, தாவரத்திலிருந்து வரும் எல்லா வனப் பொருட்களும், மூங்கில், புதர்க்கட்டை, அடிக்கட்டை, பிரம்பு, டஸ்ஸர் பட்டு, பட்டுக்கூடு, தேன், மெழுகு, அரக்கு, பீடி இலை, மருந்துச் செடிகள், மூலிகைகள், வேர்கள், கிழங்குகள் ‘போன்றவையும்’ அதில் அடங்கும். இந்தப் ‘போன்றவை’ எவ்வளவு தூரம் போகும்? வழக்கு வந்தால் வாதம் முழுக்க அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடக்கும்.

இதற்கு நீதிமன்றங்கள் கையாளும் விதிகளில் ஒன்று ‘எஜுஸ்டெம் ஜெனரிஸ்’. குறிப்பிட்ட சில பொருட்களைச் சொல்லிவிட்டுப் பின்னால் பொதுச்சொல் வந்தால், அந்தப் பொதுச்சொல் முன்னால் சொன்னவற்றின் இனத்துக்குள்ளேயே நிற்கும் என்பது இதன் சாரம். இன்னொன்று ‘நோசிடுர் அ சோசியிஸ்’. ஒரு சொல்லுக்குப் பொருளைப் பக்கத்துச் சொற்களிலிருந்து எடுப்பது அது. முதல் விதி இந்த இரண்டாவதன் ஒரு கிளை.

முதல் விதி நினைத்த இடத்திலெல்லாம் செல்லாது. அமர் சந்திர சக்கரவர்த்தி என்ற திரிபுரா மதுபான உரிமம் பற்றிய வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் ஐந்து நிபந்தனைகள் சொன்னது. குறிப்பான சொற்களின் பட்டியல் இருக்க வேண்டும். அவை ஓர் இனமாகச் சேர வேண்டும். பட்டியலோடு அந்த இனம் தீர்ந்துவிடக் கூடாது. பொதுச்சொல் பட்டியலுக்குப் பின் வர வேண்டும். சட்டத்தில் வேறு நோக்கம் தெரியக் கூடாது.

இப்போது முடவாட்டுக்காலை எடுத்துக்கொள்வோம். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணி வகையின் தண்டு அது. தாவரத்திலிருந்து வருவது, மரம் அல்ல. வரையறையின் முதல் சொற்களிலேயே அடங்கிவிடுவதால் ‘போன்றவை’யின் துணை இதற்குத் தேவையே இல்லை.

கல்பாசிதான் சிக்கலானது. மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் இது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி. தாவரவியல் நோக்கில் இது தாவரமே அல்ல என்று ஓர் அதிகாரி மறுக்க இடமிருக்கிறது. அப்போது பட்டியலைத் திரும்பிப் பார்க்க வேண்டும். தேன், மெழுகு, அரக்கு, பட்டுக்கூடு ஆகியவை பூச்சிகள் உண்டாக்குபவை. ஆகவே இந்தப் பட்டியலின் இனம் ‘தாவரம்’ என்று குறுகியது அல்ல. மரத்தை வெட்டாமல் காட்டிலிருந்து சேகரித்து வரும், உயிர்வழி வந்த பொருள் என்பதே அதன் பொது அடையாளம். அந்த இனத்துக்குள் கல்பாசி தாராளமாக வரும் என்பதே என் வாசிப்பு. தவிர, ‘எல்லா’ என்று தொடங்கி ‘அடங்கும்’ என்று நீட்டும் வரையறை, பொருளைச் சுருக்க வந்தது அல்ல. 1960-இல் ஹாஸ்பிடல் மஸ்தூர் சபா வழக்கில், சட்டமன்றம் வேண்டுமென்றே விரிந்த சொற்களைப் போட்டிருந்தால் பக்கத்துச் சொற்களைக் காட்டி அவற்றைக் குறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதே அளவுகோல் பாக்சைட்டை வெளியே நிறுத்திவிடும். கொல்லிமலையில் பாக்சைட் வெட்டியெடுக்கப்பட்ட வரலாறு உண்டு. ஆனால் பட்டியலில் கனிமம் ஒன்றுகூட இல்லை. 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் ‘வனப் பொருள்’ என்ற சொல்லுக்குள் பாறையையும் கனிமத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தது. வன உரிமைச் சட்டம் அப்படிச் சேர்க்கவில்லை.

வேறு நோக்கம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே சட்டத்திலேயே சான்று இருக்கிறது. 3(1)-ஆம் பிரிவின் கடைசிக்கு முந்தைய உட்பிரிவு, முன்னால் சொல்லப்படாத எந்த மரபு உரிமையையும் ஏற்கிறது. வேட்டையாடுவதையும், பொறி வைத்துப் பிடிப்பதையும், காட்டு விலங்கின் உடல் உறுப்பை எடுப்பதையும் மட்டும் வெளிப்படையாக விலக்குகிறது. ‘முன்னால் சொல்லப்படாத’ என்று சட்டமே சொன்ன பிறகு இன விதியைக் கொண்டு அந்த உரிமைகளைக் குறுக்குவது எளிதல்ல. விலக்கு என்று எழுதியதை அனுமதி என்று வாசிக்கவும் வழியில்லை.

ஆகவே கிராம சபை வழியாகச் சமூக உரிமை கோரும் படிவத்தை நிரப்பும்போது, ‘சிறுவனப் பொருட்கள் போன்றவை’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். கல்பாசி, கடுக்காய், பூந்திக்கொட்டை என நீங்கள் எடுப்பது ஒவ்வொன்றையும் உங்கள் ஊர்ப் பெயரிலேயே எழுதுங்கள். எந்தக் காட்டில், எந்தப் பருவத்தில் சேகரிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உரிமை கோராத பெரியவர்களின் வாக்குமூலத்தையும் எழுத்தில் வாங்கி இணையுங்கள். 2008-ஆம் ஆண்டு விதிகள் அதைச் சான்றாக ஏற்கின்றன.