போட்டோ, வயது, கல்யாணம்: கம்பெனி கேட்டால் எப்படிப் பதில் எழுதுவது?

கோவையில் ஒரு நடுத்தரக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு 31 வயதுப் பெண் ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே எச்.ஆரிடமிருந்து மெயில் வருகிறது: "பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வயது, திருமணமானவரா என்ற விவரம் அனுப்பவும்." இன்னும் இன்டர்வியூவே நடக்கவில்லை. கொடுத்தால் அதை வைத்தே கழித்துவிடுவார்களோ, கொடுக்காவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்களோ என்று கை தயங்கும்.

இந்தியாவில் தனியார் நிறுவனம் இவற்றைக் கேட்கவே கூடாது என்று நேரடியாகத் தடுக்கும் பொதுச் சட்டம் இல்லை. அதனால் "இது சட்டவிரோதம்" என்று பதில் எழுதினால் எடுபடாது. ஆனால் இந்த விவரங்களைக் கொடுத்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது வேலைக்குச் சேரும் நாள். பி.எஃப். உறுதிமொழிப் படிவம் பிறந்த தேதியையும் திருமண நிலையையும் கேட்கிறது. அடையாள அட்டைக்குப் போட்டோ வேண்டும். குடும்பத்துக்கும் சேர்த்து மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுத்தால் கணவன் அல்லது மனைவியின் பெயரும் வேண்டும். ஆக, "தரமாட்டேன்" என்று சொல்ல வேண்டியதில்லை. "சேரும்போது தருகிறேன்" என்றால் போதும்.

அதோடு, கேள்விக்குப் பின்னால் உள்ள கவலைக்கு இப்போதே பதில் சொல்லிவிட வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பவர் பெரும்பாலும் அறிய நினைப்பது வேறு: இரவு ஷிஃப்ட்டுக்கு வருவாரா, வெளியூர் போவாரா, சீக்கிரம் பிரசவ விடுப்பில் போய்விடுவாரா. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் விடுப்பு தரச் சட்டம் சொல்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போய் ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிட்டால் அந்தச் செலவு முதலாளி தலையில்தான் விழுகிறது. அவருடைய கணக்கு நமக்குப் புரிகிறது என்பதற்காக, குழந்தை பெறும் திட்டத்தை அவருக்கு ஒப்புவிக்க வேண்டியதில்லை. வேலை நேரம், பயணம், சேரும் தேதி இவற்றை மட்டும் தெளிவாகச் சொன்னால் போதும். அந்தப் பெண்ணின் பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். என் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கு நன்றி. எனக்கு 18 வயது பூர்த்தியாகிவிட்டது. இந்த வேலைக்கு வயது வரம்பு ஏதும் இருந்தால் சொல்லுங்கள், அதற்குள் வருகிறேனா என்று உறுதி செய்கிறேன். அடையாளம் சரிபார்க்க வேண்டுமானால் வீடியோ காலில் பேசத் தயார். போட்டோ, பிறந்த தேதிச் சான்று, குடும்ப விவரங்களை வேலைக்குத் தேர்வானதும் பிற ஆவணங்களோடு தருகிறேன். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் கூடுதல் நேரம் இருக்கவும், ஆடிட்டுக்காக வெளியூர் போகவும் எனக்குத் தடை இல்லை. 30 நாள் நோட்டீஸில் சேர முடியும்."

இதில் எச்.ஆருக்கு வேலை தொடர்பாகத் தேவையானது எல்லாம் இருக்கிறது. சட்டம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. வெளியூர் போக முடியாதவர் அந்த வரியை அப்படியே எழுதக் கூடாது; தன்னால் முடிந்ததை மட்டும் எழுத வேண்டும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ரெஸ்யூமேயில் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டு இருந்தால் வயதை யாரும் கணக்குப் போட்டுவிடலாம். வயதைச் சொல்ல விருப்பமில்லாதவர் முதலில் அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

போனில் கேட்டால் யோசிக்க நேரம் இருக்காது. "கல்யாணம் ஆயிடுச்சா மேடம்?" என்றால், "குடும்ப விவரமெல்லாம் ஜாயின் பண்ணும்போது ஃபார்ம்ல தந்துடறேன் சார். ஷிஃப்ட், டிராவல் பத்தி ஏதாவது தெரியணுமா?" என்று உடனே பேச்சை வேலைக்குத் திருப்பலாம்.

ஆன்லைன் படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கட்டாயம் என்றிருந்தால் "சொல்ல விரும்பவில்லை" என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உண்மையைப் போடுங்கள், அல்லது அந்தக் கம்பெனியை விட்டுவிடுங்கள். திருமணமானவர் "ஆகவில்லை" என்று போட்டால் பி.எஃப். படிவத்தில் மாட்டிக்கொள்வார், பொய்த் தகவல் தந்தார் என்று வேலையே பறிபோகலாம். டி.என்.பி.எஸ்.சி. போன்ற அரசுத் தேர்வுகளுக்கு இந்த வழி செல்லாது. அங்கே வயது வரம்பும் போட்டோவும் விதியிலேயே இருப்பதால், கேட்டபடி கொடுக்காவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.

பணிவாக எழுதியும் சில கம்பெனிகள் பதிலே போடாமல் விட்டுவிடும். கல்யாணமான பெண்களை ஒதுக்குவது நடக்காத கதையல்ல. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஆலையில் அவர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஒருவேளை உங்கள் பதிலுக்குப் பிறகும், "முதலில் கல்யாண விவரத்தைச் சொல்லுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று மெயில் வந்தால், அதை அழிக்காமல் வைத்திருங்கள். எதை வைத்து ஆள் எடுக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் கைப்பட எழுதித் தந்த சான்று அது.