தகவல் வரவில்லை... மேல்முறையீடு எப்படி?

‘யானை சேதப்படுத்திய தென்னைக்கு நிவாரணம் கேட்டேன். மனுவின் நிலையை அறிய தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தேன். மார்ச் 5-ம் தேதி அலுவலகத்துக்குச் சேர்ந்தது. இன்று ஏப்ரல் 12. பதிலே இல்லை. என்ன செய்வது?’

- தேவாரம் வாசகர்

‘‘2005-ம் ஆண்டு சட்டப்படி, பொதுத் தகவல் அலுவலர் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் தபாலில் போட்ட நாளைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அலுவலகத்துக்குச் சேர்ந்த நாள்தான் கணக்கு. அதற்குச் சான்று, தபால் சேர்ந்ததற்கான ஒப்புகை. அதை விண்ணப்ப நகலோடு சேர்த்து வையுங்கள்.

உங்கள் கெடு ஏப்ரல் 4-ல் முடிந்துவிட்டது. பதில் தராததே மறுப்பாகக் கருதப்படும். மே 4-க்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு அனுப்புங்கள். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை. ‘மார்ச் 5-ல் பெறப்பட்ட விண்ணப்பத்துக்கு ஏப்ரல் 4 வரை பதில் இல்லை, தகவலை இலவசமாக வழங்க உத்தரவிட வேண்டும்’ என எழுதி, விண்ணப்பம், ஒப்புகை நகல்களை இணையுங்கள். கெடு தாண்டினால் நகல் கட்டணம் கேட்க முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். இடையில், ‘நகல் கட்டணம் கட்டுங்கள்’ எனக் கடிதம் வந்திருந்தால், அன்றுமுதல் பணம் கட்டும்வரை உள்ள நாள்கள் கணக்கில் சேராது.

மேல்முறையீட்டுக்கு 30 நாள்களில், அதிகபட்சம் 45 நாள்களில் முடிவு வர வேண்டும். வராவிட்டால், 90 நாள்களுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு செய்யலாம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தொகை உங்களுக்கு வராது. நிவாரணத்தையும் ஆணையம் வாங்கித் தராது. மனு எந்த மேசையில் நிற்கிறது என்பதைத்தான் தெரிந்துகொள்ள முடியும்.’’