விரலடியில் ஒரு கூழாங்கல்

செருப்புக்குள் கல் புகுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஓரமாக நின்று, செருப்பைக் கழற்றி உதறிவிட்டு மேலே நடப்பீர்கள். உதறிய பிறகும் கல் அங்கேயே இருந்தால்?

எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. நான் விருதுநகரில் கல்லூரி ஆசிரியன். நாள் முழுவதும் நின்றே பாடம் நடத்துபவன். முனை குறுகிய தோல் ஷூ ஒன்று புதிதாக வாங்கியிருந்தேன். இரண்டு மாதத்தில், மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் பின்னால், பாதம் மெத்தென்று இருக்கும் இடத்தில் ஒரு கூழாங்கல்லை மிதித்துக்கொண்டே நிற்பது போன்ற வலி. உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். முள் இல்லை, காலாணியும் இல்லை.

அதே சமயத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன். காவலர் தேர்வின் 1500 மீட்டர் ஓட்டத்துக்காகப் பயிற்சி செய்துவந்தான். "சார், விரலுக்கு அடியில கல்லு கெடக்குற மாதிரியே இருக்கு" என்றான். வலி ஒன்றுதான் என்று நினைத்து, "தாராளமான ஷூ போட்டுக்கொள், சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டேன். அது தவறான யோசனை. ஏன் தவறு என்பதற்கு, பாதத்தின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். 

உங்கள் பாதத்தின் மேற்புறத்தைத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு விரலுக்கும் பின்னால் ஒரு நீள எலும்பு பாதத்தின் நடுப்பகுதி வரை ஓடுகிறது. இந்த ஐந்துக்கும் மெட்டடார்சல் எலும்புகள் என்று பெயர். இவற்றின் முன்முனைகள் உருண்டையாக இருக்கும். குதிகாலைத் தூக்கும்போது உடலின் எடையைத் தாங்குபவை இவையே. அந்த உருண்டைகள் விரிந்துவிடாதபடி ஒரு நார்ப்பட்டை குறுக்கே ஓடி அவற்றைக் கட்டிவைத்திருக்கிறது. விரல்களுக்குச் செல்லும் நரம்பு, இரண்டு உருண்டைகளுக்கு இடையில், அந்தப் பட்டைக்கு அடியில் நுழைந்து செல்கிறது. (நம் ஊரில் கையில் நீலமாகத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்று சொல்லிவிடுகிறோம். இங்கே நான் சொல்வது உணர்ச்சியைக் கடத்தும் நரம்பை.)

என் குறுகிய ஷூ என்ன செய்தது? உருண்டைகளை இரு பக்கமிருந்தும் நெருக்கியது. இடையில் அகப்பட்ட நரம்பு அடிக்கடி நசுங்கியது. நசுங்கும் நரம்பைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து அது தடித்துவிடும். தடித்த நரம்பு இன்னும் எளிதாக நசுங்கும். அமெரிக்க மருத்துவர் மார்ட்டன் 1876-இல் இந்த வலியை விவரித்ததால் இது 'மார்ட்டன் நரம்புக் கட்டி' என்றே வழங்குகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இது உண்மையில் கட்டியே அன்று; வெறும் தடிப்பு.

நரம்பு நசுங்கினால் அது வெறும் வலியோடு நிற்காது. அந்த நரம்பு சென்று சேரும் இரண்டு விரல்களின் அடுத்தடுத்த பக்கங்களில் சுருக்கென்று மின்சாரம் பாய்வது போலிருக்கும், அல்லது மரத்துப்போகும். ஷூவைக் கழற்றிப் பிடித்துவிட்டால் சில நிமிடங்களில் தணியும். எனக்கு இவை எல்லாமே இருந்தன.

மாணவனுக்கோ விரல் மரக்கவில்லை. வெறுங்காலோடு நின்றாலும் அவனுக்கு வலித்தது. பாதத்தின் மேற்புறம் சற்று வீங்கியும் இருந்தது. இந்த வேறுபாடுகளை நான் கேட்டிருக்க வேண்டும்.

அவன் நாளைக்கு 2 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவன். தேர்வு நெருங்குகிறதென்று திடீரென 6 கிலோமீட்டராக்கிவிட்டான். அதுவும் கோடையில் கல்லாக இறுகிய கரிசல் தரையில். ஓட்டத்தில் ஓர் எட்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 6 கிலோமீட்டருக்கு 6000 எட்டு. அதாவது ஒரு பாதம் 3000 முறை தரையில் விழுகிறது. மூன்று வாரத்தில் 63,000 முறை! ஓடும்போது ஒவ்வொரு முறையும் தரை பாதத்தைத் தள்ளும் விசை உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அத்தனை முறையும் மெட்டடார்சல் எலும்பு மிக நுண்ணிய அளவு வளைந்து நிமிர்கிறது.

ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் கடைசியில் ஒடிந்துவிடும் அல்லவா? ஒரே வளைப்பில் ஒடியாத கம்பி பல வளைப்பில் ஒடிகிறது. பொறியாளர்கள் இதை உலோகச் சோர்வு என்பார்கள். எலும்புக்கு கம்பிக்கில்லாத ஒரு வசதி உண்டு: அது தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும். ஆனால் பழுது பார்க்கும் முறை வினோதமானது. சேதமான பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புது எலும்பை நிரப்புகிறது. அரிப்பதற்குச் சில வாரம் போதும். நிரப்பிக் கெட்டிப்படுத்த மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னைவிடப் பலவீனமாக இருக்கும். சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் நிரப்பும் வேலை ஈடு கொடுக்கும். திடீரெனக் கூட்டினால் அந்தப் பலவீனமான வேளையில் மெல்லிய விரிசல் விழும். இரண்டாம் மெட்டடார்சலில் இது அதிகம் காணப்படுகிறது. அதன் பின்முனை மற்ற எலும்புகளுக்கு நடுவே ஆப்பு போல இறுகிச் செருகியிருப்பதால், அசைந்து கொடுக்க முடியாமல் வளைவு முழுவதையும் அதுவே தாங்குகிறது.

பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-இலேயே, நெடுநடை போன சிப்பாய்களின் பாதம் வலித்து வீங்குவதை விவரித்திருக்கிறார். ஆனால் காரணம் எலும்பு முறிவு என்பது, எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பின் 1897-இல்தான் படத்தில் தெரிந்தது.

அந்த எக்ஸ் கதிரும் ஒரு விதத்தில் ஏமாற்றும். மாணவன் வலி தொடங்கிய ஐந்தாம் நாள் படம் எடுத்தான். அதில் ஒன்றும் இல்லை. "எலும்பு நல்லா இருக்கு" என்று மகிழ்ந்து மறுபடி ஓடினான். மயிரிழை விரிசல் தொடக்கத்தில் படத்தில் தெரியாமல் போவது சாதாரணம். இரண்டு மூன்று வாரம் கழித்து, விரிசலைச் சுற்றிப் புது எலும்பு திரளும்போதே அது கண்ணுக்குப் புலப்படும். இரண்டாவது படத்தில் அவனுக்கு அது தெரிந்தது. ஆறு வாரம் ஓட்டமில்லை, கடின அடித்தட்டு உள்ள ஷூ என்று மருத்துவர் சொன்னார். அந்த ஆண்டுத் தேர்வு கையை விட்டுப் போயிற்று.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? விசையின் திசையைக் கவனியுங்கள். நரம்பு, பக்கவாட்டு நெருக்கத்துக்கு வலிக்கும்: பாதத்தை இரு பக்கமும் பிடித்து அமுக்கினால் அதே வலி வரும், சிலருக்கு 'டக்'கென்று ஓர் அசைவும் தெரியும். டச்சு மருத்துவர் முல்டர் 1951-இல் விளக்கிய சோதனை இது. எலும்போ, தன்மேல் நேராக விழும் விசைக்கு வலிக்கும்: பாதத்தின் மேற்புறத்தில் அந்த எலும்பின்மீது ஒரு விரலால் அழுத்தினால், குறிப்பிட்ட ஓர் இடத்தில் 'ஆ' என்று கத்துவீர்கள். இது சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும். முடிவு சொல்ல மருத்துவர் வேண்டும். விரல் மூட்டுக் கோளாறுகள் சிலவும் இதே போல வலிக்கும்.

சிகிச்சையும் அப்படித்தான் பிரிகிறது. எலும்புக்கு ஓய்வு வேண்டும். என் நரம்புக்கு இடம் தந்தால் போதுமானதாக இருந்தது. அகன்ற செருப்புக்கு மாறினேன். உள்ளே ஒரு சிறு மெத்தைத் திண்டும் ஒட்டிக்கொண்டேன். திண்டை வலிக்கும் இடத்திலேயே வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படி வைத்தால் கல்லோடு இன்னொரு கல் சேர்ந்தது போலாகும். வலிக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்தால்தான் எலும்புகள் உயர்ந்து விரிந்து நரம்புக்கு வழிவிடும்.

மாணவனைப் பார்க்க அவன் வீட்டுக்குப் போனபோது அவன் தாயார் தம் காலைக் காட்டினார். பட்டாசு ஆலையில் வேலை. மருந்துள்ள அறைகளுக்குள் இரும்பு ஆணி அடித்த செருப்போடு போகக் கூடாது என்பது விதி. ஒரு பொறி போதுமே. அவர் வெறுங்காலோடுதான் வேலை செய்கிறார். "எனக்கும் மத்தியானம் ஆச்சுன்னா இந்த ரெண்டு விரலும் மரத்துப்போகுது சார். நான் ஷூவே போடலையே?" என்றார்.

எப்படி உட்கார்ந்து வேலை செய்வீர்கள் என்று கேட்டேன். குதிகாலைத் தூக்கி, விரல்களை மடித்து ஊன்றிக் குந்திக் காட்டினார். அந்த நிலையில் விரல்கள் மேல்நோக்கி வளைகின்றன. நரம்பு முன்னே இழுபட்டு நார்ப்பட்டையின் விளிம்பில் உரசி அழுந்துகிறது. ஷூ இல்லாமலேயே நரம்பை நசுக்க இது போதும். மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அதுவரை, குந்தாமல் ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்து பாதத்தைத் தட்டையாக ஊன்றிக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்த வாரம் பையன் தகவல் கொண்டுவந்தான்: அம்மாவுக்கு மரப்பு குறைந்திருக்கிறது, பக்கத்தில் வேலை செய்யும் இரண்டு பேர் அவரிடம் பலகை கேட்கிறார்கள்.